தோளில் நான்கு விரல்கள்

பியதிலக முதலாளி அந்தப் படத்தை ஒரு கல்யாண அட்டை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். 2008ஆம் ஆண்டு, ஆவணி மாதம். கட்டுகஸ்தோட்டை வீதியில் பஹ்மியின் ஃபிளெக்ஸ் அச்சுக் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் மை வாடை கண்ணைக் கரித்தது. படங்களைத் திருத்தும் வேலை பாலாம்பிகையுடையது. முதலாளி உறையை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, பஹ்மியின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார்.

கொழும்பு வீதியில் இருக்கும் அவருடைய புடவைக்கடைக்கு முப்பது வருடம் நிறைகிறது. கடை முகப்பில் பதினெட்டடி அகலம், பன்னிரண்டடி உயரத்தில் ஒரு பேனர் வேண்டும். பழைய படம் ஒன்றுதான் இருக்கிறது, ஆறங்குலத்துக்கு நாலங்குலம், கறுப்பு வெள்ளை. கடை திறந்த அன்று எடுத்தது. மேலே இருக்கும் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்போதைய பெயரைப் போட வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஓர் ஆளையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தது தெரியக் கூடாது.

பாலாம்பிகை உறையைத் திறந்தாள்.

படத்தில் நான்கு பேர் நின்றார்கள். இரண்டு ஓரத்திலும் வேலையாட்கள் இருவர். நடுவில் இருபத்து நாலு வயது பியதிலக, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவனுக்கு அருகில், அவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மறுதோளில் விரல்களைப் பதித்துக்கொண்டு, வேட்டி சட்டையுடன் ஒருவர். தலைக்கு மேலே பலகையில் தமிழில் 'செல்லம் ஸ்டோர்ஸ்'.

அது அவளுடைய அப்பா.

இருபத்தைந்து வருடங்களாக அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கடையும் அதற்கு மேல்மாடியில் இருந்த வீடும் எரிந்தபோது அலுமாரிக்குள் இருந்த படங்களும் எரிந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான்கு மாதம் கழித்து, கடுகண்ணாவையில் ஒரு வாடகை அறையில் நெஞ்சு வலி வந்து செல்லச்சாமி இறந்தபோது, சவப்பெட்டிக்காரர் மரண அறிவித்தலுக்கு ஒரு படம் கேட்டார். வீட்டில் கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. மீசை இருந்ததா என்பதுகூடச் சில நாட்களில் சந்தேகமாகிவிடும்.

மீசை இருந்தது.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்கேனரின் மூடியைத் திறந்து படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, எடுக்க வேண்டிய ஆள் யாரென்று முதலாளியிடம் கேட்டாள்.

"அதா? நம்ம கடையில வேலைக்கு நின்ன ஆள்," என்றார் பியதிலக. கடையில் பழகிய அவருடைய தமிழ் சுத்தமாகவே இருந்தது. "பிறகு இந்தியாவுக்குப் போயிட்டான்."

அவர் போன பிறகு பாலாம்பிகை கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

அவள் கண்ணால் கண்டது ஒன்றுதான். கலவரத்தன்று மத்தியானம், தெருமுனையில் சத்தம் கேட்கத் தொடங்கியதும், அப்பா சாவியைத் தன் கடையில் வேலைக்கு நின்ற பியதிலகவிடம் கொடுத்துவிட்டு அம்மாவையும் அவளையும் பின்வீட்டு பேக்கரிக்காரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிங்கள அம்மா மூவரையும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வாசலில் வந்து கேட்டவர்களிடம் யாருமில்லை என்று சொன்னாள். மாவு அறையின் கம்பி ஜன்னலால் கடையின் பின்கதவு தெரிந்தது. கதவு உடைக்கப்படவில்லை. திறக்கப்பட்டது. துணிக் கட்டுகள் ஒவ்வொன்றாக ஒரு லொறியில் ஏறின. பியதிலக சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு நின்று எண்ணிக்கொண்டிருந்தான். லொறி போன பிறகுதான் கடையில் நெருப்பு எழுந்தது. அடுத்த வருடம் கட்டட உரிமையாளர் குத்தகையை அவனுக்கே எழுதிக்கொடுத்தார்.

அப்பா இதைப் பொலிசில் சொல்லப் போகவில்லை. அவரும் அந்த ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வேலை நான்கு நாட்கள் எடுத்தது. முதல் மூன்று நாளும் அவள் ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். மனதில் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. செய்யும் வேலையை அரைகுறையாக விடுவது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். படத்தை ஆகக் கூடிய நுணுக்கத்தில் ஸ்கேன் செய்திருந்தாள். ஆறங்குலம் பதினெட்டடியாகும்போது எல்லாம் முப்பத்தாறு மடங்கு பெருக்கும். படத்தில் இரண்டங்குலம் நிற்கும் ஆள் பேனரில் ஆறடி நிற்பான். கடுகு அளவு தூசி நாணயம் போலாகும்.

அப்பா நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்தவை கடையின் பலகைக் கதவுகள். தெரிகிற பலகைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த இடத்தை நிரப்பினாள். முழுப் படமும் திரைக்குள் அடங்கும்போது எதுவும் தெரியாது. யாரும் அங்கே நிற்கவேயில்லை என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் அப்படிப் பார்த்து ஏமாறக் கூடாதென்பது பஹ்மியின் கடையில் சட்டம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபப் பேனரில் விளக்குக் கம்பத்தை எடுத்துவிட்டு மரக்கிளையால் மூடினார்கள். பேனர் மேலே ஏறிய பிறகு பார்த்தால் ஒரே கிளை, ஒரே முறிந்த நுனியோடு, நான்கு இடத்தில் தொங்கியது. சனம் சிரித்தது. அன்றிலிருந்து, ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்தையும் அச்சாகும் அளவிலேயே பார்க்க வேண்டும்.

அவள் ஓர் அடிக்கோலைத் திரையில் பிடித்துக்கொண்டு, பேனரின் ஓரடி திரையிலும் ஓரடியாக வரும்வரை படத்தைப் பெருக்கினாள். இந்த அளவில் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். இடப்பக்க மேல்மூலையிலிருந்து ஒவ்வொரு துண்டாக நகர்ந்தாள். ஒரே பலகைக் கணு மூன்று இடத்தில் இருந்தது. இரண்டைக் கலைத்தாள். அப்பாவின் நெஞ்சிருந்த இடம் பிளாஸ்டிக் தாள்போல வழவழவென்றிருந்தது. பழைய படத்தின் மணல்மணலான பொடி அங்கே இல்லை. சுற்றுப்புறத்தில் இருக்கிற அதே பருமனில் பொடியைத் தூவினாள். வேட்டி நின்ற இடத்தின் ஓரம் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடாக மிஞ்சியிருந்தது. அதையும் கறுப்பாக்கினாள். கடைசியாகப் பியதிலகவின் மறுதோளில் இருந்த நான்கு விரல்களையும் எடுத்துவிட்டு, சட்டைத் துணியால் மூடினாள்.

பிறகு ஒட்டுப்போட்ட இடங்களைச் சரியான அளவிலேயே வேறொரு வேலையின் ஓரத்து மிச்சத் துணியில் அடித்து, எதிர்ச் சுவரில் கிளிப்பால் மாட்டி, தெருவைக் கடந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். கடையை முகப்பில் பார்ப்பவர்கள் அந்தத் தூரத்தில்தான் நிற்பார்கள். சுத்தமாக இருந்தது. செல்லச்சாமி போய்விட்டார். கடையை எரித்தவர்கள்கூட அவரை இவ்வளவு சுத்தமாக அழிக்கவில்லை.

அந்த எண்ணம் வந்த இடத்தில்தான் அவள் தெரு நடுவே நின்றுவிட்டாள். ஒரு முச்சக்கரவண்டிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். வடிவம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கடுகண்ணாவையில் ஒரு தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த, திருத்தாத அசல் படத்தின் அச்சை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தாள். கேள்விகள் கேட்டாள், மகள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். வேலைக்கு நின்ற ஆள் என்று அவன் சொன்னதையும் சொன்னாள்.

வடிவம்மா அழவில்லை.

"மோதிரத்தப் பாரு," என்றாள். "பச்சக்கல்லு. கடை தொறந்த அன்னிக்கு எங்க அண்ணன் போட்டது. அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும்." அச்சை மடியில் வைத்துக்கொண்டு, "கைய எடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டேன்மா."

"ஏன் எடுத்த?"

நான்காம் நாள் காலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அசல் படம் திருத்தங்களுக்கு அடியில் அப்படியே இருந்தது. தோளை மூடிய திருத்தத்தை மட்டும் கழற்றினாள். நான்கு விரல்களும் திரும்பி வந்தன. மோதிர விரலில் கல் ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்தது.

அப்படியே விட்டால் அவன் கண்டுபிடித்துவிடுவான். ஏ-நாலு தாளில் அடித்துக் காட்டும்போது விரல்கள் நெல்லு மணியளவு இருக்கும். அவன் பார்ப்பான், எடு என்பான். எனவே அவள் வேலையைத் திருப்பிப்போட்டுச் செய்யத் தொடங்கினாள். விரல்களின் கருமையைச் சட்டையின் வெண்மைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். சட்டையின் மடிப்புக் கோடுகளை விரல் இடுக்குகளோடு சேர்த்தாள். தாளில் அடித்துப் பார்த்தாள். இன்னும் கை தெரிந்தது. மறுபடி குறைத்தாள். மூன்றாம் முறை தாளில் அது ஒரு கசங்கிய தோள்பட்டை, அவ்வளவுதான். உடனே அதே இடத்தைப் பேனர் அளவில் ஒரு முழத் துணியில் அடித்து, எதிர்ச் சுவரில் மாட்டி, தெருவைக் கடந்து திரும்பிப் பார்த்தாள்.

நான்கு விரல்கள். ஒரு நகம்கூடத் தெரிந்தது. மோதிரம். பின்னால் உடம்பில்லாத ஒரு கை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அந்தக் கையால்தான் அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஆனால் அப்போது அவள் மனதில் இருந்தது பாசமில்லை. நல்லாப் பிடிச்சுக்குங்கப்பா என்று நினைத்தாள். விடாதீங்க.

அந்தத் துணியைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

பின்னேரம் பியதிலக வந்தார். ஏ-நாலு தாளைப் பார்த்துத் தலையாட்டினார். பெரிய அளவில் அடித்த துண்டுகளைச் சுவரில் மாட்டியிருந்தாள். ஒன்று பெயர்ப்பலகை, ஒன்று பலகைக் கதவு, ஒன்று அவருடைய முகம். தோளில்லை. அவர் பலகைக் கதவை ஒரு கணம் பார்த்தார். அதற்குப் பிறகு தன் இளமை முகத்துக்கு முன்னாலேயே நின்றார். முக்கால் அடி உயரத்தில் இருந்த அந்த முகத்தை அவருக்கு நிறையப் பிடித்திருந்தது. வேறு இடம் ஏதாவது பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமா என்று பாலாம்பிகை கேட்டாள். வேண்டாம், நேரமில்லை என்றார். தாளின் பின்புறத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேட்டேனே, என்று அவள் பிற்பாடு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டது உண்மைதான். அவர் வேண்டாம் என்று சொல்வாரென்று தெரிந்துதான் கேட்டாள் என்பதும் உண்மைதான்.

மெஷினின் அகலம் பத்தடி. அதனால் பேனர் இரண்டு துண்டாக அடித்து நடுவில் ஒட்டப்பட்டது. பஹ்மிதான் தரையில் முழங்காலிட்டு, பசை போட்டு ஒட்டினான். பேனர் ஒரு சனிக்கிழமை காலையில் கடை முகப்பில் ஏறியது.

பதினொரு மணிக்கு முன் தெரு எதிர்ப்பக்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். முதலில் சிரித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலாளியின் தோளில் பேய் கை வைத்திருக்கிறது என்று ஒருவன் கத்தினான். ஆனால் அந்தத் தெருவில் பழைய கடைக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். பாத்திரக்கடை பெரியதம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். அந்த மோதிரம் யாருடையதென்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் பக்கத்துக் கடைச் சிங்களவரிடம் செல்லச்சாமியின் பெயரைச் சொன்னார். அவரும் ஆமாம் என்று தலையாட்டி, தன் மகனிடம் சொன்னார். இருபத்தைந்து வருடமாக அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் மத்தியானத்துக்குள் தெருமுனை மரக்கறிக்காரிவரை போய்விட்டது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் மேலே பார்த்துவிட்டு, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் பாலாம்பிகை நேரில் பார்த்தாள். பஸ் தரிப்பிடத்தில் அம்மாவோடு நின்றாள். வடிவம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பியதிலக வெளியே வந்து, தெருவைக் கடந்து, திரும்பி மேலே பார்த்தார். அவர் வாய் திறந்து அப்படியே நின்றது. பிறகு அவருடைய இடது கை தானாக வலது தோளுக்குப் போய், அங்கே எதையோ தட்டிவிடுவதுபோல ஒரு தடவை தட்டியது. அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். வடிவம்மா சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்தாள்.

"போதும், வா போவோம்," என்றாள்.

இரண்டு மணிக்கு அவர் ஏணி வைத்து ஆளை ஏற்றி, அந்தத் தோளில் வெள்ளை ஃபிளெக்ஸ் துண்டொன்றை ஒட்டவைத்தார். அது இன்னும் மோசமாகிப்போனது. சாம்பல் நிறப் படத்தில் பளபளவென்று வெள்ளைச் சதுரம். காலையில் பார்க்காதவர்கள்கூட அதற்கடியில் என்ன என்று கேட்டார்கள். மாலையில் பேனரை இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை அவர் அச்சுக் கடைக்கு வந்தபோது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து, தாளை மேசையில் போட்டு, இது எப்படி நடந்தது என்று பஹ்மியிடம் கேட்டார். பஹ்மி தாளைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினான். அவர் பாலாம்பிகையைப் பார்த்தார்.

"நீ யார்?"

"செல்லச்சாமியோட மக," என்றாள். "அவர் இந்தியாவுக்குப் போகல. கடுகண்ணாவைல புதைச்சிருக்கு. வேணுன்னா வந்து பாக்கலாம்."

அவருடைய முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நாளில் தான் சின்னப் பையன், மற்றவர்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்பதுபோல ஏதோ சிங்களத்தில் தொடங்கினார்.

"ஜன்னலால பாத்துக்கிட்டிருந்தோம்," என்றாள் அவள். "நாங்க மூணு பேரும். சாவி ஒங்க விரல்ல இருந்துச்சு."

அவர் எழுந்தார். வாசலில் நின்று, இது எந்தக் காலம் என்று தெரியுமா, உன் பெயர் எந்தப் பொலிசில் பதிந்திருக்கிறது என்று அமைதியாகக் கேட்டுவிட்டுப் போனார்.

யுத்தம் நடந்த அந்த வருடத்தில் ஒரு தமிழரிடம் அப்படிக் கேட்டால் போதும். மூன்றாம் நாள் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் கடைக்கு வந்து, அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, இரண்டு மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். வடக்கில் யார் இருக்கிறார்கள் என்றார்கள். வடக்குக்கு அவள் போனதே இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். போகும்போது பஹ்மியிடமும் அவனுடைய கடை உரிமம் பற்றிக் கேட்டார்கள். பியதிலகவிடமிருந்தும் அவருடைய நண்பர்களிடமிருந்தும் வந்துகொண்டிருந்த வேலைகள் நின்றன.

பாலாம்பிகை தன் பொருட்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஹ்மியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு அலவத்துகொடையில் மூன்று சின்னப் பிள்ளைகள். தான் செய்தது தன்னோடு போக வேண்டியது, அவன் தலையில் வந்து விழுந்துவிட்டது என்றாள். ஒன்றும் தெரியாத அவனை இதில் இழுத்துவிட்டதற்கும் மன்னிக்கச் சொன்னாள்.

பஹ்மி மெஷினின் தலையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். துணியை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"பாலா அக்கா, எனக்குத் தெரியாம இல்ல. ஒட்டக்குள்ளயே நான் அந்தக் கைய கண்டன்," என்றான். "எங்கட வாப்பா பெருநாளைக்கு உடுப்பு எடுக்கிற செல்லம் ஸ்டோர்ஸ்லதான். அந்த மோதிரக் கை எனக்கு டொஃபி தந்திரிக்கி."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா நீங்க இப்ப போங்க," என்றான் அவன். "எனக்கும் பயம்தான்."

அவள் போனாள். அடுத்த எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து பொத்தான் தைத்தாள். பிறகு மாவனல்லையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் திருத்தும் வேலை கிடைத்தது. பியதிலகவின் கடை மூடிப்போகவில்லை. தீபாவளிக்கும் வெசாக்குக்கும் சனம் அங்கேதான் போனது. ஆனால் கொழும்பு வீதியில் வழி கேட்டால், கை வைத்த கடையைத் தாண்டி இரண்டாவது என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவும். அது சந்தோஷம்தான் என்று அவள் ஒப்புக்கொள்வாள். பஹ்மியை நினைக்கும்போது மட்டும் அந்தச் சூடு அடங்கிவிடும்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமென்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்த ஆளை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் பெரிதாக்கித் தருவதாகவும், கை இல்லாதது தெரியாதபடி செய்யத் தனக்கு முடியும் என்றும் சொன்னாள்.

வடிவம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே யோசித்தாள்.

"வேணாம்," என்றாள். "அவனும் நிக்கட்டும். வீட்டுக்கு வர்றவங்க கேப்பாங்க, யாரு அதுன்னு. நான் சொல்லணும்."